f, f′, f″: மூன்று வளைவுகளில் எது எது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரே அச்சுகளில் மூன்று வளைவுகள் வரையப்பட்டிருக்கின்றன. பெயர் எதற்கும் எழுதப்படவில்லை. ஒன்று f, ஒன்று அதன் முதல் வகைக்கெழு f′, மற்றது இரண்டாம் வகைக்கெழு f″. எது எது என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் விழும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன: ஒரு வளைவின் உயரத்தை இன்னொரு வளைவின் உயரத்தோடு ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டியது ஒன்றின் சாய்வையும் மற்றதன் உயரத்தையும். f எந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அந்த எண்தான் அதே இடத்தில் f′-இன் உயரம். f′-க்கும் f″-க்கும் இடையே இருப்பதும் இதே உறவுதான்.

கீழே உள்ள அறிகுறிகளில் பலவற்றை ஒரே படத்தை வைத்துப் பார்க்கப் போகிறோம். படிப்பதற்கு முன் அதை வரைபடத்தாளில் வரைந்துகொள்வது நல்லது. x அச்சில் 1 அலகுக்கு 2 செ.மீ., y அச்சில் 1 அலகுக்கு 5 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வளைவுகளுக்கும் அ, ஆ, இ என்று பெயர். எது f என்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

| x | அ | ஆ | இ |
|---|---|---|---|
| 0 | −2 | 0 | 1 |
| 0.5 | −0.91 | 0.30 | 0.30 |
| 1 | −0.37 | 0.37 | 0 |
| 2 | 0 | 0.27 | −0.14 |
| 3 | 0.05 | 0.15 | −0.10 |
| 4 | 0.04 | 0.07 | −0.05 |
| 5 | 0.02 | 0.03 | −0.03 |

வரைந்து முடித்ததும் தெரிவது இது. அ என்பது −2-இல் தொடங்கிச் சடசடவென்று ஏறி, x = 2-இல் அச்சை வெட்டி, x = 3-இல் ஒரு குட்டி முகட்டைத் தொட்டுவிட்டு அச்சை நோக்கி இறங்குகிறது. அந்த முகடு தாளில் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வேகமாகப் பார்த்தால் கண்ணில் படாது. ஆ ஆதியில் தொடங்கி x = 1-இல் முகட்டை எட்டி, பிறகு அச்சுக்கு மேலேயே இருந்தபடி தாழ்கிறது. இ உயரம் 1-இல் தொடங்கி இறங்கி, x = 1-இல் அச்சை வெட்டி, x = 2-இல் அச்சுக்குக் கீழே சுமார் 7 மி.மீ. ஆழத்தில் ஓர் அகட்டை அடைந்து, மீண்டும் அச்சை நோக்கி ஏறுகிறது.

மூன்றும் ஒன்றுக்கொன்று அக்கா தங்கை போல இருக்கின்றன. பல்லுறுப்புக்கோவை என்றால் முப்படி, இருபடி, நேர்கோடு என்று தோற்றத்திலேயே வரிசை தெரிந்துவிடும். இங்கே அது உதவாது. அதனால்தான் இந்தப் படம் பயிற்சிக்கு நல்லது.

அறிகுறி 1: உயரமானதை, அல்லது ‘பெரிதாகத் தெரிவதை’ f என்று எடுத்துவிட்டீர்கள்

அ வளைவு படத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் ‘இதுதான் மூலச் சார்பு, மற்றவை இதிலிருந்து வந்தவை’ என்று மனம் சொல்லும். அந்த ஊகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தால் போதும். அ-தான் f என்று வைத்துக்கொள்வோம். அது 0-இலிருந்து 3 வரை ஏறுகிறது. அப்படியானால் f′ அந்த இடைவெளி முழுவதும் அச்சுக்கு மேலே இருந்து, சரியாக x = 3-இல் அச்சை வெட்டிக் கீழே இறங்க வேண்டும். x = 3-இல் அச்சை வெட்டும் வளைவு படத்தில் இல்லை. ஆகவே அ-வின் வகைக்கெழு இந்தப் படத்திலேயே கிடையாது. தன் வகைக்கெழு படத்தில் இல்லாத வளைவு வரிசையின் கடைசி ஆள், அதாவது f″.

ஒரு தவறான ஊகத்தைச் சோதித்ததிலேயே விடையின் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். மீதியையும் இதே சோதனை முடித்துத் தரும். ஒவ்வொரு வளைவும் திரும்பும் இடத்தைக் குறியுங்கள். அங்கே வேறு எந்த வளைவு அச்சை வெட்டுகிறது என்று தேடுங்கள். ஆ திரும்புவது x = 1-இல்; அங்கே அச்சை வெட்டுவது இ. இ திரும்புவது x = 2-இல்; அங்கே அச்சை வெட்டுவது அ. அ திரும்புவது x = 3-இல்; அங்கே யாரும் இல்லை. எனவே வரிசை ஆ → இ → அ. ஆ என்பது f, இ என்பது f′, அ என்பது f″.

உயரம் எதையும் சொல்லாது என்பதை இன்னும் தெளிவாகக் காட்ட, திரும்பும் இடமே இல்லாத ஓர் உதாரணம். f(x) = e^(2x) என்றால் f′ = 2e^(2x), f″ = 4e^(2x). x = 0-இல் உயரங்கள் 1, 2, 4. இங்கே f-தான் மிகத் தாழ்ந்தது. f(x) = e^(x/2) என்றால் அதே இடத்தில் உயரங்கள் 1, 0.5, 0.25, இப்போது f மிக உயர்ந்தது. இந்த இரண்டு படங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய ஒரே வழி, ஒரு புள்ளியில் தொடுகோடு வரைந்து சாய்வை அளப்பது. x = 0-இல் உயரம் 1 உள்ள வளைவின் சாய்வு 2 என்று வந்தால், உயரம் 2 உள்ளது அதன் வகைக்கெழு.

அறிகுறி 2: சாய்வை அளந்தீர்கள், ஆனால் எண் பொருந்தவில்லை

வரிசை ஆ → இ → அ என்று கண்டபின் அதை எண்ணால் உறுதிசெய்ய, ஆதியில் ஆ-வுக்குத் தொடுகோடு வரைகிறீர்கள். கோணமானியை வைத்தால் ஏறத்தாழ 68 பாகை காட்டுகிறது. tan 68° ஏறக்குறைய 2.5. இ-யின் உயரமோ அங்கே 1. ‘பொருந்தவில்லையே’ என்று வரிசையை மாற்றப் போகிறீர்கள். மாற்ற வேண்டாம்.

தவறு அளவுத்திட்டத்தில் இருக்கிறது. x அச்சில் ஓர் அலகுக்கு 2 செ.மீ., y அச்சில் 5 செ.மீ. என்று எடுத்திருக்கிறோம். தாளில் தெரியும் சாய்வு உண்மையான சாய்வைப் போல இரண்டரை மடங்கு. கோணமானியையும் கட்டங்களை எண்ணுவதையும் விட்டுவிட்டு, அச்சில் எழுதியிருக்கும் எண்களைக் கொண்டே கணக்கிடுங்கள்: தொடுகோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்து, y-இன் வேறுபாட்டை x-இன் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். ஆதியிலிருந்து தொடுகோடு 2 செ.மீ. வலப்பக்கம் போகும்போது 5 செ.மீ. ஏறுகிறது, அது 1 அலகுக்கு 1 அலகு. சாய்வு 1. இ-யின் உயரமும் 1. பொருந்திவிட்டது.

மூன்று வளைவுகளும் தனித்தனிப் படங்களாகக் கொடுக்கப்பட்டால் இந்தச் சிக்கல் கூடும். ஒவ்வொரு படத்திலும் y அச்சின் அளவுத்திட்டம் வேறாக இருக்கலாம். y அச்சில் எண்களே இல்லையென்றால் சாய்வின் அளவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அப்போது கையில் இருப்பவை இரண்டுதான்: எங்கே பூச்சியம், எங்கே என்ன குறி. பெரும்பாலான கணக்குகளுக்கு இவையே போதும்.

அறிகுறி 3: f′ ஏறுகிறது, ஆகவே f-உம் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்

வரிசையைச் சரியாகக் கண்டுபிடித்தபிறகும் பலர் சறுக்கும் இடம் இது. x = 2-க்குப் பிறகு இ என்ன செய்கிறது என்று பாருங்கள். −0.14, −0.10, −0.05, −0.03. எண்கள் ஏறுகின்றன, வளைவும் மேலே போகிறது. அதே இடங்களில் f-இன் மதிப்புகள் 0.27, 0.15, 0.07, 0.03. இறங்கிக்கொண்டே இருக்கின்றன.

இதில் முரண் எதுவும் இல்லை. f ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்வது f′-இன் குறி. f′ அச்சுக்குக் கீழே இருக்கும்வரை f இறங்கும். f′ மேல்நோக்கி நகர்கிறது என்றால், f இறங்கும் வேகம் குறைகிறது என்றுதான் பொருள். படிக்கட்டில் இறங்குபவர் நடையைத் தளர்த்தினால் அவர் ஏறத் தொடங்கிவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

f′ ஏறுகிறதா இறங்குகிறதா என்ற தகவல் வீணாகிவிடவில்லை. அது f-இன் குழிவைச் சொல்கிறது. f′ ஏறும் இடத்தில் f மேல்நோக்கிய குழிவு, கிண்ணம் நிமிர்ந்திருப்பது போல. f′ இறங்கும் இடத்தில் f கீழ்நோக்கிய குழிவு, கிண்ணம் கவிழ்ந்தது போல. நம் படத்தில் இ 0-இலிருந்து 2 வரை இறங்குகிறது. அங்கெல்லாம் ஆ கவிழ்ந்த கிண்ணம். 2-க்குப் பிறகு இ ஏறுகிறது. ஆ நிமிர்ந்த கிண்ணத்தின் இடப்பக்கச் சுவர் போலச் சரிகிறது. அது மாறும் இடமான (2, 0.27) வளைவு மாற்றப் புள்ளி.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. படத்தை x = 1, x = 2 ஆகிய செங்குத்துக் கோடுகளால் மூன்று பட்டைகளாக வெட்டுங்கள். முதல் பட்டையில் f′ மிகை, f″ குறை. f ஏறுகிறது, ஆனால் தளர்ந்துகொண்டே. இரண்டாவதில் f′ குறை, f″-உம் குறை. f இறங்குகிறது, இறக்கம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. மூன்றாவதில் f′ குறை, f″ மிகை. f இறங்குகிறது, இறக்கம் தட்டையாகிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஆ-வின் உருவம் இந்த விவரிப்போடு ஒத்துப்போகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலும் குறியைப் படிப்பதற்குப் பதிலாக ஏற்ற இறக்கத்தைப் படித்திருப்பீர்கள்.

அறிகுறி 4: கொடுத்தது f′-இன் படம், நீங்கள் படித்தது f-இன் படமாக

‘படத்தில் இருப்பது f′-இன் வளைவு. f-க்கு இடஞ்சார்ந்த பெருமம் எங்கே?’ இப்படிக் கேட்டால், படத்தின் முகட்டைத் தொட்டுக் காட்டுவது கண்ணின் பழக்கம். நம் இ-யை மட்டும் தனியாகக் கொடுத்துக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். படத்தில் இ மிக உயரமாக இருப்பது x = 0-இல். அங்கே f என்ன? பூச்சியம், x ≥ 0 பகுதி முழுவதற்கும் f-இன் மிகத் தாழ்ந்த மதிப்பு அதுதான். f-இன் பெருமம் இருப்பது இ அச்சை மேலிருந்து கீழாக வெட்டும் x = 1-இல். அதேபோல இ-யின் அகடு x = 2-இல் இருக்கிறது; அது f-இன் சிறுமம் ஆகாது, f-இன் வளைவு மாற்றப் புள்ளி.

விடை எழுதுமுன் படத்தின் ஓரத்தில் மூன்று வரி எழுதிக்கொள்ளும் வழக்கம் இங்கே கைகொடுக்கும். f′ அச்சை வெட்டும் இடம்: f-இன் பெருமம் அல்லது சிறுமம். f′ திரும்பும் இடம்: f-இன் வளைவு மாற்றம். f′ அச்சுக்கு மேலோ கீழோ: f ஏற்றமோ இறக்கமோ. கொடுத்தது f″ என்றால் ஒரு படி தள்ளிக்கொள்ள வேண்டும்: f″ அச்சை வெட்டும் இடமே f-இன் வளைவு மாற்றம், f″-இன் முகடும் அகடும் f-இன் ஏற்ற இறக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அ-வின் x = 3 முகட்டுக்கு நேராக ஆ-வைப் பாருங்கள். எந்த அடையாளமும் இல்லாமல் வழுவழுவென்று போகிறது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழை, f அச்சை வெட்டும் இடத்துக்கு f′-இல் துணை தேடுவது. ஆ ஆதியில் அச்சைத் தொடுகிறது. அதற்கு இ-யிலோ அ-விலோ எந்த எதிரொலியும் இருக்காது. ஆ-வை அப்படியே 1 அலகு மேலே தூக்கினால் அது அச்சைத் தொடாமலே போய்விடும். இ-யும் அ-வும் ஒரு மயிரிழைகூட மாறாது. f′-இன் படத்திலிருந்து f-இன் உருவம் கிடைக்கும், உயரம் கிடைக்காது. கிடைப்பது இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு மட்டும்: 0-இலிருந்து 1 வரை இ-க்கும் அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு 0.37, அதாவது f(1) − f(0). f(0) = 0 என்று தனியாகச் சொல்லியிருந்தால்தான் f(1) = 0.37 என்று எழுத முடியும்.

அறிகுறி 5: பூச்சியங்கள் இரண்டு வழியிலும் பொருந்துகின்றன

திரும்பும் இடத்தையும் பூச்சியத்தையும் பொருத்தும் முறை விரைவானது. ஆனால் அது மட்டுமே போதாது. f(x) = sin x எடுத்துக்கொள்ளுங்கள். f′ = cos x, f″ = −sin x. sin x, −sin x இரண்டும் ஒரே இடங்களில் அச்சை வெட்டுகின்றன, ஒரே இடங்களில் திரும்புகின்றன. ஆகவே sin → cos → −sin என்ற வரிசையும், −sin → cos → sin என்ற தலைகீழ் வரிசையும் பூச்சியச் சோதனையில் தேறிவிடும்.

குறியைப் பார்த்தால் ஒன்று உடனே விழும். தலைகீழ் வரிசைதான் சரி என்று வைத்தால் f ஆதியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எனவே f′ அங்கே அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். cos வளைவோ அங்கே உயரம் 1-இல் நிற்கிறது. தலைகீழ் வரிசை தவறு. நடுவில் இருக்கும் cos-ஐ f ஆக வைத்துப் பார்த்தால் முதல் படி சரியாகவே போகும். cos-இன் வகைக்கெழு −sin படத்தில் இருக்கிறது. அடுத்த படியில் −cos தேவை. அது படத்தில் இல்லை.

அதனால் பூச்சியச் சோதனை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குறிச் சோதனை வையுங்கள். ஓர் இடம் போதும்: முதல் வளைவு தெளிவாக ஏறும் ஒரு x-ஐத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது வளைவு அங்கே அச்சுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். நம் படத்தில் x = 0.5-இல் ஆ ஏறுகிறது, இ 0.30-இல் இருக்கிறது, சரி. அங்கேயே இ இறங்குகிறது, அ −0.91-இல் இருக்கிறது, அதுவும் சரி.

படத்தின் எல்லையும் ஏமாற்றலாம். நம் படத்தை x = 2.5-இல் வெட்டிக் கொடுத்திருந்தால், அ-வின் முகடு வெளியே போயிருக்கும். ‘அ திரும்பவே இல்லை’ என்றுதான் தெரியும், அறிகுறி 1-இல் செய்த சோதனையின் பாதி பலம் போய்விடும். ஆனாலும் குறிச் சோதனை நிற்கும்: அ அந்தத் துண்டு முழுவதும் ஏறுகிறது, அதன் வகைக்கெழு எங்கும் மிகையாக இருக்க வேண்டும். இ கீழே போவதால் அது தகுதியற்றது. ஆ-வோ ஆதியில் பூச்சியம், ஆனால் அ அங்கேதான் மிகச் செங்குத்தாக ஏறுகிறது. இரண்டும் விழுந்தன.

அறிகுறி 6: f′ பூச்சியம் என்று கண்டதும் பெருமம் அல்லது சிறுமம் என்று எழுதிவிட்டீர்கள்

f(x) = 3x⁴ − 4x³ என்ற சார்பைப் பார்ப்போம். f′ = 12x²(x − 1), f″ = 12x(3x − 2). f′ இரண்டு இடங்களில் பூச்சியம்: 0, 1. இரண்டும் ஒரே மாதிரி அல்ல. x = 1-இல் f′ கீழிருந்து மேலாக அச்சைத் துளைத்துப் போகிறது; f-க்கு அங்கே சிறுமம், மதிப்பு −1. x = 0-இல் f′ கீழிருந்து வந்து அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கீழேயே போய்விடுகிறது. குறி மாறவில்லை. மதிப்புகளே சொல்லும்: f(−0.5) ≈ 0.69, f(0) = 0, f(0.5) ≈ −0.31. f இறங்கிக்கொண்டே இருந்தது, ஆதியில் ஒரு கணம் கிடைமட்டமாகி, மறுபடியும் இறங்கியது.

தொடுவதும் துளைப்பதும் வேறு. கையால் வரைந்த படத்தில் இந்த வேறுபாடு அழிந்துபோவது சாதாரணம். அதனால் பூச்சியத்துக்கு இடமும் வலமும் ஒவ்வொரு புள்ளியில் குறியை எழுதிப் பாருங்கள். இங்கே x = −0.5-இலும் 0.5-இலும் f′ குறைதான்.

இதே சார்பில் f″ ஆதியில் என்ன செய்கிறது? x = −0.5-இல் 21, x = 0.5-இல் −3. குறி மாறுகிறது, ஆகவே ஆதி ஒரு வளைவு மாற்றப் புள்ளி, தொடுகோடு கிடைமட்டமாக இருக்கும் வகை. மற்றொன்று x = 2/3-இல். f′-இன் படத்தில் இவை இரண்டும் திரும்பும் இடங்கள்: ஆதியில் உயரம் 0 உள்ள முகடு, 2/3-இல் சுமார் −1.78 ஆழமுள்ள அகடு. மூன்று படங்களும் ஒரே கதையைச் சொல்கின்றன.

f″-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். f(x) = x⁴ என்றால் f″ = 12x². ஆதியில் f″ பூச்சியம், ஆனால் இருபுறமும் மிகை. கிண்ணம் கவிழவே இல்லை. அங்கே வளைவு மாற்றப் புள்ளி கிடையாது. f″(0) = 0 என்ற ஒரு வரியை மட்டும் வைத்து வளைவு மாற்றம் என்று எழுதினால் மதிப்பெண் போவது நியாயம்தான்.

அறிகுறி 7: f-இல் வளைவு மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது, f″-இல் பூச்சியமே இல்லை

f″ அச்சை வெட்டாமலே குறி மாறலாம், தாவிக் குதித்து. f(x) = x|x| என்பதை வரைந்து பாருங்கள். ஆதிக்கு வலப்பக்கம் x², இடப்பக்கம் −x². f ஆதியில் வழுவழுப்பாகப் போகிறது, கூர்முனை இல்லை. f′ = 2|x|; இதில்தான் கூர்முனை தெரிகிறது. f″ வலப்பக்கம் 2, இடப்பக்கம் −2, ஆதியில் இல்லவே இல்லை. இடப்பக்கம் கவிழ்ந்த கிண்ணம், வலப்பக்கம் நிமிர்ந்த கிண்ணம். ஆதியில் தொடுகோடும் இருக்கிறது, குழிவும் மாறுகிறது. வளைவு மாற்றப் புள்ளிதான்.

பொருத்தும்போது இதை இப்படிப் பயன்படுத்தலாம்: ஒரு வளைவில் கூர்முனை இருந்தால், அதன் வகைக்கெழுவில் அதே x-இல் ஒரு தாவல் இருக்கும். வகைக்கெழு எடுக்க எடுக்க வழுவழுப்பு குறையும், கூடாது. ஆகவே மூன்றில் மிக வழுவழுப்பானது f ஆகவும், துண்டு துண்டாக உடைந்தது f″ ஆகவும் இருக்கும்.

கணினியில் சரிபார்க்க

ஜியோஜீப்ராவில் உள்ளீட்டுப் பெட்டியில் ஒவ்வொரு வரியாகத் தட்டுங்கள். நாம் பார்த்த படத்தின் f இதுதான்:

```
f(x) = x * exp(-x)
f'(x)
f''(x)
```

சூத்திரத்தில் பார்த்தால் f = xe⁻ˣ, f′ = (1 − x)e⁻ˣ, f″ = (x − 2)e⁻ˣ. அடுத்த வகைக்கெழு (3 − x)e⁻ˣ; x = 3-இல் அச்சை வெட்ட வேண்டிய, படத்தில் நாம் தேடிக் கிடைக்காத வளைவு இதுதான்.

திரையில் x அச்சின் அலகும் y அச்சின் அலகும் சம நீளமா என்று முதலில் பாருங்கள். பெரிதாக்கும்போது அது மாறியிருந்தால் அறிகுறி 2 திரையிலும் வரும். அ-வின் முகடு தெரியவில்லை என்றால் x 2 முதல் 6 வரை, y −0.05 முதல் 0.1 வரை உள்ள பகுதியைப் பெரிதாக்குங்கள். தாளில் இரண்டரை மில்லிமீட்டராக ஒளிந்திருந்த முகடு அப்போது திரையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு எழுந்து நிற்கும்.